கடிகாரக் கையேட்டின் படத்தைத் தமிழாக்கும்போது பொத்தான் பெயரும் மெனுப் பெயரும் மாறாமல் வைத்திருப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தம்பி ரொறொன்ரோவிலிருந்து அம்மாவுக்கு ஸ்மார்ட் கடிகாரம் அனுப்பியிருக்கிறான். கையேட்டின் ஆரம்பப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பி, தமிழில் எழுதிக் கொடுக்கச் சொல்கிறா அம்மா. எதைத் தமிழாக்குவது, எதை அப்படியே விடுவது?

அம்மா கண்ணால் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய எழுத்து எதுவோ, அதை அப்படியே விடுங்கள். மற்ற எல்லாவற்றையும் தமிழாக்குங்கள். என்ன செய்ய வேண்டும், எவ்வளவு நேரம் செய்ய வேண்டும், செய்தால் என்ன நடக்கும், எதைச் செய்யக்கூடாது என்பதெல்லாம் நல்ல தமிழில் இருக்கட்டும். திரையில் Settings என்று இருந்தால் உங்கள் தாளிலும் Settings என்றே இருக்க வேண்டும். நீங்கள் "அமைப்புகள்" என்று எழுதினால் அது சரியான தமிழ்தான். ஆனால் அம்மா அந்தச் சொல்லைக் கடிகாரத்தில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது.

பெயர்கள் மூன்று இடங்களில் இருக்கின்றன. சில கடிகாரத்தின் உடலில் பொறிக்கப்பட்டவை. சில கடிகாரத் திரையில் தோன்றுபவை. மிச்சம் கைத்தொலைபேசியின் திரையில் தோன்றுபவை. எழுதத் தொடங்குமுன் பக்கத்திலுள்ள ஒவ்வொரு பெயருக்கும் கீழே கோடிட்டு, அது எந்த இடத்தைச் சேர்ந்தது என்று ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்தக் குறிப்பினாலேயே தீர்ந்துவிடும். கடிகாரத்திலும் Settings உண்டு, கடிகாரத்தை இணைக்கும் தொலைபேசிச் செயலியிலும் Settings உண்டு, தொலைபேசியிலும் Settings உண்டு. எந்த Settings என்று சொல்லாத தமிழாக்கம் பாதித் தமிழாக்கம்தான்.

பக்கத்தைப் படமெடுக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

இந்தக் கையேடுகள் பெரும்பாலும் பல மடிப்பாக மடித்த ஒரே தாள். எழுத்து எறும்பளவு இருக்கும், தாளும் பளபளப்பாக இருக்கும். ஆகவே முழுத்தாளையும் ஒரே படத்தில் அடக்கப் பார்க்காதீர்கள். மடிப்பை நன்றாக நீவி மேசையில் விரித்து, ஒவ்வொரு பத்தியையும் தனித்தனியாக எடுங்கள். ஃபிளாஷ் வேண்டாம், பளபளப்பான தாளில் அது நடுவில் ஒரு வெள்ளைப் பொட்டாக விழுந்து நாலு சொல்லை விழுங்கிவிடும். யன்னலோரப் பகல் வெளிச்சம் பக்கவாட்டாக விழும்படி வைத்து, கமராவைத் தாளுக்கு நேர் மேலே பிடியுங்கள்.

வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கிப்போகும். சிறிய எழுத்து மங்குவது அங்கேதான். இணைப்புப் பட்டியலில் Document என்பதைத் தேர்ந்து அனுப்பச் சொல்லுங்கள், எடுத்த படம் எடுத்தபடியே வந்து சேரும். அதோடு கடிகாரத்தின் படம் காட்டப்பட்டு பொத்தான்களுக்கு இலக்கம் போட்டிருக்கும் பக்கத்தையும் கட்டாயம் கேளுங்கள். எழுத்துப் பக்கம் மட்டும் வந்தால் "பொத்தான் 1" எது என்று நீங்கள் ஊகிக்க வேண்டிவரும். கடிகாரம் திறந்திருக்கும்போது அதன் திரையையும் ஒரு படம் எடுத்து அனுப்பச் சொன்னால் இன்னும் நல்லது. பெட்டியின் ஒட்டுத்தாளில் இருக்கும் தொடர் இலக்கத்தையும் சிம் போடும் கடிகாரமென்றால் ஐஎம்ஈஐ இலக்கத்தையும் மறைத்துவிட்டு அனுப்பச் சொல்லுங்கள். தமிழாக்கத்துக்கு அவை தேவையில்லை.

மொழிபெயர்ப்புச் செயலியின் கமராவைத் தாளுக்கு மேலே பிடித்தால் உடனே தமிழில் வருகிறதே. பிறகு ஏன் கையால் எழுத வேண்டும்?

பக்கம் எதைப் பற்றியது என்று விளங்கிக்கொள்ள அதைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். சீன மொழியில் மட்டும் அச்சடித்த தாள் என்றால் அதை விட்டால் வேறு வழியும் இல்லை. ஆனால் அந்தச் செயலிக்குப் பெயர் எது, வாக்கியம் எது என்ற பிரிவினை தெரியாது. கண்ணில் பட்ட எல்லாவற்றையும் தமிழாக்கிவிடும். Back என்ற மெனுப் பெயரும் போய்விடும், Device என்ற பெயரும் போய்விடும். அவை இருந்த இடத்தில் நல்ல தமிழ்ச் சொற்கள் இருக்கும். அந்தச் சொற்களை வைத்துக்கொண்டு எந்தத் திரையிலும் எதையும் தேட முடியாது.

இன்னொரு தொல்லையும் உண்டு. மங்கிய படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும்போது சிறிய l, பெரிய I, இலக்கம் 1 மூன்றும் ஒன்றாகிவிடும். O எழுத்தும் 0 இலக்கமும் மாறிப்போகும். r, n இரண்டும் சேர்ந்து m ஆகிவிடும். சாதாரண வாக்கியத்தில் இது பெரிய விடயமல்ல. ஆனால் செயலியின் பெயரிலோ புளூடூத் பட்டியலில் தோன்றும் கடிகாரத்தின் பெயரிலோ ஓர் எழுத்து மாறினால் ஆள் வேறு. ஆகவே பெயர்களை மூலப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, எழுத்தெழுத்தாக நீங்களே எழுதுங்கள். சந்தேகமான எழுத்து இருந்தால் அந்த இடத்தை மட்டும் நெருக்கமாக இன்னொரு படம் கேளுங்கள்.

கையேட்டில் Side button, Home key என்றெல்லாம் இருக்கிறது. கடிகாரத்தில் அப்படி எதுவும் பொறிக்கவில்லையே?

அப்படியானால் அது பெயரல்ல, அடையாளம் சொல்வது. அதைத் தமிழாக்கலாம், ஆக்கவும் வேண்டும். "பக்கத்துப் பொத்தான்" என்று நிறுத்தாமல் இடத்தையும் சொல்லுங்கள்: "திரை உங்களைப் பார்த்தபடி இருக்கும்போது வலப்பக்கம் மேலே உள்ள பொத்தான்." இடம், வலம் என்பதைக் கையில் கட்டிய நிலையை வைத்துச் சொல்லாதீர்கள். சிலர் வலக்கையில் கட்டுவார்கள், அப்போது குழம்பும்.

சாம்சங்கின் Galaxy Watch4 இலிருந்து வந்த கடிகாரங்களின் கையேடுகளில் மேல் பொத்தானை Home key என்றும் கீழ்ப் பொத்தானை Back key என்றும் சொல்வார்கள். உடலில் அந்த எழுத்து இராது. அங்கே நான் எழுதுவது "மேல் பொத்தான், கையேடு இதை Home key என்கிறது" என்றுதான். அடுத்த பக்கங்களைப் பிள்ளைகள் யாராவது வாசித்துச் சொல்லும்போது அந்தப் பெயர் உதவும். கார்மின் கடிகாரங்கள் சிலவற்றில் நிலைமை நேர்மாறு. LIGHT, UP, DOWN, BACK என்று திரையைச் சுற்றிப் பொறித்தே இருக்கும். அங்கே அந்த எழுத்துகள்தான் பெயர். அவற்றைப் பெரிய எழுத்திலேயே, பொறித்தபடியே எழுதுங்கள்.

தமிழ் வாக்கியத்துக்குள் ஆங்கிலப் பெயர் வரும்போது வேற்றுமை உருபை எப்படிச் சேர்ப்பது? Settingsஐ, Deviceஇல் என்று எழுதினால் பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது.

கஷ்டம் பார்வைக்கு மட்டுமல்ல. உருபை ஒட்டியவுடன் பெயர் எங்கே முடிகிறது என்று வாசிப்பவருக்குத் தெரியாமல் போகிறது. பெயருக்குப் பின்னால் ஒரு தமிழ்ச் சொல்லை வைத்து, உருபை அந்தச் சொல்லில் சேர்த்துவிடுங்கள். "Settings என்ற வரியைத் தொடுங்கள்." "Device என்ற பக்கத்தில் பாருங்கள்." "√ அடையாளத்தைத் தொடுங்கள்." இப்படி எழுதினால் பெயர் தனியாக நிற்கும், அது வரியா, பொத்தானா, அடையாளமா என்பதும் சேர்ந்து தெரிந்துவிடும். கையால் எழுதுவதானால் பெயர்களைச் சுற்றி ஒரு கட்டம் போடுங்கள். அச்சடிப்பதானால் தடித்த எழுத்தில் விடுங்கள்.

வாக்கிய ஒழுங்கில் தமிழ் நமக்கு உதவியாகவே இருக்கிறது. ஆங்கிலக் கையேடு பல இடங்களில் கடைசியாகத் தொட வேண்டியதை முதலில் சொல்லி, முதலில் திறக்க வேண்டியதைக் கடைசியில் சொல்லும். தமிழில் இயல்பாகவே "Settings திறந்து, அதில் System என்ற வரியைத் தொட்டு, அங்கே Language என்பதைத் தொடுங்கள்" என்று விரல் போகும் வழியிலேயே வாக்கியமும் போகும். மூல வாக்கியத்தின் ஒழுங்கைக் காப்பாற்ற நினைத்து இதைக் கெடுத்துவிடாதீர்கள்.

அழுத்து, தொடு, இழு என்று எழுதினால் போதாதா? ஏன் நீட்டி எழுதச் சொல்கிறீர்கள்?

பொத்தானுக்கு "அழுத்து", திரைக்கு "தொடு" என்று வைத்துக்கொண்டு முழுத்தாளிலும் அதை மாற்றாமல் எழுதினாலே பாதிக் குழப்பம் குறையும். திரையை "அழுத்துங்கள்" என்று எழுதினால் வயதானவர்கள் உண்மையிலேயே பலமாக அழுத்திப் பிடிப்பார்கள். பல கடிகாரங்களில் முகப்புத் திரையைத் தொட்டுப் பிடித்தால் முகப்பை மாற்றும் பக்கம் திறந்துவிடும். பிறகு "என் மணிக்கூடு மாறிப்போயிற்று" என்று அழைப்பு வரும்.

பொத்தானிலும் இரண்டு வகை உண்டு. "ஒருமுறை அழுத்தி உடனே விடுங்கள்" என்பது ஒன்று, "3 செக்கன் அழுத்திப் பிடித்திருங்கள்" என்பது மற்றது. கையேட்டில் 3 என்றால் 3 என்றே எழுதுங்கள், "சிறிது நேரம்" என்று எழுத வேண்டாம். அதே பொத்தானை இன்னும் நீளப் பிடித்தால் கடிகாரம் நின்று மறுபடி இயங்கத் தொடங்கும் வகைகள் உண்டு.

விரலால் இழுப்பதற்குத் தொடக்கத்தையும் முடிவையும் சொல்லுங்கள். "இடப்பக்கம் இழுங்கள்" என்றால் இடப்பக்கத்திலிருந்தா, இடப்பக்கத்துக்கா என்று தெரியாது. "வலது ஓரத்தில் விரலை வைத்து இடது பக்கமாக இழுங்கள்" என்றால் சந்தேகமே இல்லை. மேலும் கீழும் அப்படியே.

உண்மையான ஒரு பக்கத்தை முழுதாகச் செய்து காட்ட முடியுமா?

சுன்னாகத்தில் இருக்கும் ஒரு மாமிக்காகச் செய்ததையே காட்டுகிறேன். சிறிய நிறுவனமொன்றின் கடிகாரம், ஆங்கிலக் கையேடு. முதற் பக்கத்தில் கடிகாரத்தின் படமும், வலப்பக்க மேல் பொத்தானுக்கு 1 என்ற இலக்கமும், கீழே ஏழு வரியும் இருந்தன. மாமியிடம் இருப்பது அண்ட்ரொயிட் தொலைபேசி, அதன் மொழி ஆங்கிலம்.

முதல் வரி சார்ஜ் செய்வதைப் பற்றியது. அதில் 5V 1A என்று இருந்தது. அது சார்ஜரின் தலையில் அச்சடித்திருக்கும் எழுத்து, மாமி அதை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும், ஆகவே அப்படியே விட்டேன். இரண்டாவது வரியின் Button 1 படத்தில் மட்டும் உள்ள இலக்கம். அதை இடம் சொல்லி எழுதினேன்.

நான்காவது வரியில் கியூஆர் கோட்டை ஸ்கான் செய்து செயலியை இறக்கச் சொல்லியிருந்தது. அதன் பெயரைப் படத்தில் பெரிதாக்கிப் பார்த்தேன். இந்தச் செயலிகளின் பெயர்கள் ஒன்றுக்கொன்று மிகவும் கிட்டியவை. Da Fit என்றொன்று இருக்கிறது, FitPro என்றொன்று இருக்கிறது, Fit என்று முடியும் வேறு பலவும் இருக்கின்றன. ஒன்றின் கடிகாரம் மற்றதில் இணையாது. ஆகவே பெயரோடு செயலியின் சின்னத்தின் நிறத்தையும் எழுதினேன்.

ஐந்தாவது வரிதான் முக்கியம். கையேடு Device, பிறகு Add device என்று சொன்னது. மாமியின் பேரனிடம் செயலியைத் திறந்து அதன் திரையை ஒரு படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். செயலியில் Add device இல்லை, Bind device என்றே இருந்தது. கையேடு அச்சடித்த பிறகு செயலியை மாற்றியிருக்கிறார்கள். தாளில் Bind device என்றே எழுதினேன்.

அதே வரியில், தொலைபேசியின் புளூடூத் பட்டியலில் போய் இணைக்கக் கூடாது, செயலிக்குள்ளேயே இணைக்க வேண்டும் என்று முறிந்த ஆங்கிலத்தில் ஒரு வசனம் இருந்தது. சிறிய எழுத்தில் இருப்பதால் பலர் விட்டுவிடுவார்கள். அதை முதலிலேயே தூக்கி வைத்தேன். ஏனென்றால் புளூடூத் பட்டியலில் கடிகாரத்தின் பெயரைக் கண்டவுடன் தொடுவதுதான் எல்லாருக்கும் பழக்கம். ஒருமுறை வேறோர் இடத்தில் இணைந்துவிட்ட கடிகாரம் செயலியின் தேடலில் பெரும்பாலும் தோன்றாது. "செயலி கண்டுபிடிக்கவில்லை" என்ற முறைப்பாட்டில் இது அடிக்கடி காணும் காரணம். பேரனின் தொலைபேசியில் ஏற்கெனவே இணைத்திருந்தாலும் மாமியின் தொலைபேசியில் அது தோன்றாமல் போகும்.

ஏழாவது வரி கடிகாரத்திலேயே அழைப்புப் பேசுவதற்கானது. இதற்கு மட்டும் தொலைபேசியின் புளூடூத் பட்டியலுக்குப் போகத்தான் வேண்டும். மேலே "போகாதீர்கள்", கீழே "போங்கள்" என்று இருப்பது முரணாகத் தெரியும். செயலி தரவு எடுக்கும் இணைப்பும் குரல் போகும் இணைப்பும் இந்தக் கடிகாரத்தில் இரண்டு வேறு புளூடூத் இணைப்புகள், ஆகவே பட்டியலிலும் இரண்டு பெயர்கள் வரும். அதை ஒரு வசனத்தில் விளக்காவிட்டால் வாசிப்பவர் ஏதோ ஒன்றைப் பிழை என்று எடுத்துக்கொள்வார்.

கடைசியில் மாமியின் கைக்குப் போன தாள் இது. கடிகாரத்தின் பெயரைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன், செயலியின் பெயரை இங்கே விட்டிருக்கிறேன்.

> தொடங்குமுன்: தொலைபேசியின் புளூடூத் பட்டியலில் கடிகாரத்தின் பெயரைக் கண்டாலும் இப்போது தொட வேண்டாம்.
>
> 1. கடிகாரத்தின் பின்புறத்திலுள்ள இரண்டு உலோகப் புள்ளிகளும் சார்ஜ் வயரின் புள்ளிகளோடு ஒட்டும்படி வையுங்கள். சார்ஜரில் 5V 1A என்று இருக்க வேண்டும்.
>
> 2. திரை உங்களைப் பார்த்தபடி இருக்க, வலப்பக்கம் மேலே உள்ள பொத்தானை 3 செக்கன் அழுத்திப் பிடித்திருங்கள். திரை ஒளிர்ந்ததும் விடுங்கள்.
>
> 3. மொழிகளின் பட்டியல் வரும். கீழிருந்து மேலாக விரலால் இழுத்துக்கொண்டு போய் English என்ற வரியைத் தொடுங்கள்.
>
> 4. திரையில் கறுப்புவெள்ளைச் சதுரம் ஒன்று தோன்றும். தொலைபேசியின் கமராவை அதற்கு நேரே பிடியுங்கள். செயலியை இறக்கும் பக்கம் திறக்கும். செயலியின் சின்னம் செம்மஞ்சள் நிறம்.
>
> 5. செயலியைத் திறந்து, கீழ் வரிசையில் Device என்பதைத் தொடுங்கள். பிறகு Bind device என்பதைத் தொடுங்கள். தொலைபேசி அனுமதி கேட்டால் Allow என்பதைத் தொடுங்கள். பட்டியலில் SW20_3A7F என்ற பெயரைத் தொடுங்கள்.
>
> 6. இப்போது கடிகாரத் திரை Pair? என்று கேட்கும். √ அடையாளத்தைத் தொடுங்கள். × அடையாளத்தைத் தொட்டால் 5ஆம் படியிலிருந்து மறுபடி செய்ய வேண்டும்.
>
> 7. கடிகாரத்தில் அழைப்புப் பேச விரும்பினால் மட்டும்: தொலைபேசியில் Settings, அதில் Bluetooth திறந்து, SW20_Call என்ற பெயரைத் தொடுங்கள். Pair என்று கேட்டால் அதைத் தொடுங்கள். இது வேறு இணைப்பு, முன்னர் செய்ததை இது குழப்பாது.

பெயரின் இறுதியில் வரும் 3A7F போன்ற நான்கு எழுத்துகள் அந்த ஒரு கடிகாரத்துக்கே உரியவை, அடுத்த வீட்டுக் கடிகாரத்துக்கு வேறாக இருக்கும். கையேட்டில் மாதிரியாக ஏதோ ஒன்று அச்சடித்திருக்கும். அதை எழுதாமல், கடிகாரத்தில் Settings திறந்து About என்ற வரியில் என்ன இருக்கிறது என்று பார்த்து எழுதினேன்.

கையேட்டில் இருப்பதும் திரையில் இருப்பதும் வேறுபட்டால் எதை எழுதுவது? கையேட்டை மாற்ற எனக்கு உரிமை இருக்கிறதா?

திரையில் இருப்பதை எழுதுங்கள். நீங்கள் எழுதுவது ஒருவர் கடிகாரத்தை இயக்குவதற்கான தாள், நீதிமன்றத்துக்கு ஒப்படைக்கும் மொழிபெயர்ப்பல்ல. திரையைப் பார்க்க வாய்ப்பில்லாமல் படத்தை மட்டும் வைத்து எழுதுகிறீர்கள் என்றால் கையேட்டின் பெயரை எழுதி, "இதே பெயர் இல்லாவிட்டால் + அடையாளம் உள்ள வரியைப் பாருங்கள்" என்பது போல இன்னோர் அடையாளமும் கொடுங்கள்.

திரையில் எழுத்துப்பிழை இருந்தாலும் திருத்த வேண்டாம். மலிவான கடிகாரங்களின் மெனுவில் எழுத்து விடுபட்ட சொற்களும், இடம் போதாமல் பாதியில் வெட்டிய சொற்களும் வரும். BT Call என்று இருந்தால் அதை Bluetooth Call என்று விரிக்காதீர்கள், DND என்று இருந்தால் DND. அதன் பொருளை அடுத்த வசனத்தில் தமிழில் சொல்லிவிடலாம்.

எங்கள் அப்பாவின் தொலைபேசி தமிழில் இருக்கிறது. அப்போதும் Allow, Settings என்று எழுதலாமா?

கூடாது. ஆங்கிலமாக விடுவது நம் நோக்கமல்ல, திரையில் உள்ளபடி விடுவதே நோக்கம். அப்பாவின் தொலைபேசியில் "அமைப்புகள்" என்றும் "புளூடூத்" என்றும் தமிழில் இருந்தால் தாளிலும் அப்படியே இருக்க வேண்டும். அனுமதி கேட்கும் பெட்டியும் தமிழில்தான் வரும். அதே நேரம் செயலிக்குத் தமிழ் இல்லாவிட்டால் செயலி ஆங்கிலத்தில் இருக்கும், கடிகாரமும் ஆங்கிலத்தில் இருக்கும். ஆக, ஒரே தாளில் ஒரு படி தமிழ்ப் பெயரோடும் அடுத்த படி ஆங்கிலப் பெயரோடும் வரும். அழகில்லைதான், ஆனால் அதுதான் சரி. தொலைபேசித் திரையின் தமிழ்ச் சொற்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், நினைவிலிருந்து எழுதாமல் படம் எடுத்து அனுப்பச் சொல்லிப் பார்த்து எழுதுங்கள்.

அனுமதிப் பெட்டியில் இன்னொரு விடயம். பழைய கையேடுகள் இருப்பிடத்தை இயக்கி அனுமதி கொடுக்கச் சொல்லும். அண்ட்ரொயிட் 6 முதல் 11 வரை புளூடூத் சாதனங்களைத் தேட அது தேவைப்பட்டது. அண்ட்ரொயிட் 12 இலிருந்து Nearby devices என்ற தனி அனுமதி வந்துவிட்டது. கையேடு இருப்பிடத்தைப் பற்றிப் பேச, தொலைபேசி அருகிலுள்ள சாதனங்களைப் பற்றிக் கேட்டால் பயப்பட வேண்டாம் என்று தாளில் ஒரு வரி எழுதி வையுங்கள். தெரியாத கேள்வியைக் கண்டவுடன் மறுத்துவிடுவது வயதானவர்களின் நியாயமான பழக்கம், அதன் பிறகு செயலி எதையும் கண்டுபிடிக்காது.

சுவிஸிலிருந்து அண்ணா கொடுத்துவிட்ட கடிகாரம். படமெடுத்து வந்த பக்கம் ஜேர்மன் மொழியில் இருக்கிறது. அதிலிருந்தே எழுதலாமா?

முதலில் தாளை முழுதாக விரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே விற்கும் கடிகாரங்களோடு பல மொழித் தாள்தான் வரும், பெரும்பாலும் ஆங்கிலப் பகுதி பின்பக்கத்தில் எங்காவது இருக்கும்.

அதைவிட முக்கியம், கடிகாரத்தை எந்த மொழியில் வைக்கப் போகிறீர்கள் என்பதை எழுதுமுன் தீர்மானிப்பது. ஜேர்மன் பக்கம் Einstellungen, Sprache என்று சொல்லும். கடிகாரம் ஆங்கிலத்தில் திறந்தால் அங்கே Settings, Language என்றே இருக்கும். கடிகாரம் ஜேர்மனில் திறந்துவிட்டால் மொழியை மாற்றும் அந்த ஒரு வழிக்கு மட்டும் ஜேர்மன் பெயர்களை எழுதுங்கள், மொழி மாறிய பிறகு வரும் படிகளுக்கு ஆங்கிலப் பெயர்களை எழுதுங்கள். சில கடிகாரங்கள் தொலைபேசியின் மொழியைத் தாமாகவே எடுத்துக்கொள்ளும். அப்படியானவற்றில் இணைத்து முடிந்ததும் மெனு முழுவதும் மாறிவிடும், அந்த இடத்தைத் தாளில் சொல்லி வைக்க வேண்டும்.

அம்மம்மாவுக்கு ஆங்கில எழுத்தே வாசிக்க வராது. பெயரை அப்படியே விட்டு என்ன பயன்?

எழுத்தை வாசிக்க வேண்டியதில்லை, தாளில் உள்ள வடிவத்தையும் திரையில் உள்ள வடிவத்தையும் ஒப்பிட்டால் போதும். ஆகவே பெயரைப் பெரிதாக, திரையில் உள்ளதுபோலப் பெரிய எழுத்துக்குப் பெரிய எழுத்து, சிறிய எழுத்துக்குச் சிறிய எழுத்தாக எழுதுங்கள். கூட்டெழுத்தில் எழுதவே கூடாது. முதல் தடவை வரும்போது மட்டும் பக்கத்தில் உச்சரிப்பைத் தமிழில் எழுதலாம்: Settings, செற்றிங்ஸ். கனடாவிலிருந்து பேரன் தொலைபேசியில் "செற்றிங்ஸைத் தொடுங்கோ அம்மம்மா" என்று சொல்லும்போது அந்த ஒலியும் தாளிலுள்ள எழுத்தும் பொருந்திவிடும்.

பெயரோடு படத்தையும் சொல்லுங்கள். "பற்சக்கரப் படம்", "பச்சை நிறத் தொலைபேசிப் படம்" என்பவை நல்ல அடையாளங்கள். "மேலிருந்து நான்காவது வரி" என்பதை மட்டும் நம்பாதீர்கள், செயலி ஒருமுறை புதுப்பித்தால் வரிசை மாறும்.

Reset, Restart, Power off மூன்றும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. ஏதாவது தனியாகக் கவனிக்க வேண்டுமா?

பெயர்களை அப்படியே விட்டு, ஒவ்வொன்றுக்கும் விளைவை எழுதுங்கள். இங்கே சுருக்கமாக எழுதுவது ஆபத்து. Power off: கடிகாரம் நிற்கும், ஒன்றும் அழியாது. Restart: நின்று தானாகவே மறுபடி இயங்கும், ஒன்றும் அழியாது. Reset: கடிகாரத்தில் உள்ள பதிவுகளும் அமைப்புகளும் அழியும், முதலிலிருந்து இணைக்க வேண்டும். மூன்றாவதன் பக்கத்தில் "யாரிடமாவது கேட்காமல் தொட வேண்டாம்" என்று எழுதிவிடுங்கள். கையேட்டில் அந்த எச்சரிக்கை இராது, ஆனாலும் எழுதுங்கள்.

எழுதி முடித்துவிட்டேன். சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இரண்டு தடவை பாருங்கள். முதல் தடவை தமிழை வாசிக்காமல் பெயர்களை மட்டும் ஒவ்வொன்றாக மூலப் படத்தோடு ஒப்பிடுங்கள். இடைவெளி, பெரிய எழுத்து, கேள்விக்குறி வரை ஒத்திருக்க வேண்டும். ஒரே பெயர் மூன்று இடத்தில் வந்தால் மூன்று இடத்திலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது தடவை கடிகாரத்தைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவரிடம் தாளைக் கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் இருக்கலாம், வாய் திறக்கக் கூடாது. விரல் எங்கே தயங்கி நிற்கிறதோ அந்த வரியைத் திருத்த வேண்டும். "இது எங்கே இருக்கிறது?" என்று கேட்டால் எந்தத் திரை என்பதைச் சொல்ல மறந்திருக்கிறீர்கள். "தொட்டேன், ஒன்றும் நடக்கவில்லை" என்றால் என்ன நடக்கும், எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும் என்பதை எழுதவில்லை.

தாளின் அடியில் கடிகாரத்தின் மாதிரிப் பெயரையும், About என்ற வரியில் காணும் மென்பொருள் பதிப்பையும், எழுதிய திகதியையும் குறித்து வையுங்கள். ஆறு மாதம் கழித்து ஒரு பெயர் ஒத்துவரவில்லை என்று யாராவது கேட்டால், பதிப்பு மாறியிருக்கிறதா என்று முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும்.